எங்கே போகிறது இந்த இணைப்பு?

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, நான் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பொதுத்துறை வங்கியொன்றில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “தம்பி, நம்ம பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்லி யாரோ மோசடி மெயில் அனுப்புறாங்க. நூலகத்துக்குப் பணம் கேக்குறாங்க. நான் தொடலை. எங்க செட் வாட்ஸ்அப் குழுவிலயும் யாரும் தொடாதீங்கன்னு போட்டுட்டேன். நீங்க சங்கத்துல சொல்லி ஏதாவது செய்ங்க” என்றார்.

அந்த மடலை அனுப்பியவன் நான்தான்.

பள்ளி நூலகத்தின் கூரை ஒழுகத் தொடங்கி மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. புத்தகங்களை ஆய்வுக்கூடத்துக்கு மாற்றி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைத்திருக்கிறார்கள். கூரையைச் செப்பனிடவும் புதிய அலமாரிகள் வாங்கவும் ஆறு லட்சம் ரூபாய் தேவை. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் மின்னஞ்சல் முகவரியோடு 640 பேர் இருந்தனர். சங்கத்தில் கணினி தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு இருந்ததால், மடல் அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பித் தரும் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கி, மடலை ஒட்டி, பட்டியலை ஏற்றி, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது 23 பேர் பணம் அனுப்பியிருந்தார்கள். அதில் ஏழு பேர் சங்கத்தின் செயற்குழுவினர்.

பெரியவரிடம் அது நம் மடல்தான் என்று சொன்னபோது அவர் உடனே ஏற்கவில்லை. “அப்படின்னா, அந்த லிங்க் ஏன் வேற எங்கேயோ போகுது?” என்று கேட்டார். மடல் அவருக்கு ஸ்பேம் பகுதியில் கிடைத்திருக்கிறது. தினமும் அந்தப் பகுதியையும் ஒரு முறை பார்த்துவிடுவது அவர் வழக்கம். கணினியில் திறந்து, இணைப்பின்மீது சுட்டியை வைத்தபோது, திரையின் கீழ் ஓரத்தில் தெரிந்த முகவரி பள்ளியின் முகவரியாக இல்லை. எங்கள் தளத்தின் பெயரை இங்கே example.org என்றும் அந்த அந்நியப் பெயரை example.net என்றும் வைத்துக்கொள்வோம். அவர் பார்த்தது இது:

```
மடலில் தெரிந்தது:   https://example.org/noolagam
உள்ளே இருந்தது:    https://t7.example.net/c/8f3Kq7vR2mXz
```

நான் மடலில் எழுதியது முதல் வரி. இரண்டாவதை நான் எழுதவில்லை. மடலை அனுப்பித் தந்த சேவை எழுதியது. இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பது, அத்தகைய சேவைகளைப் பயன்படுத்தும் பலருக்கும் தெரியாது. எனக்கும் அதுவரை சரியாகத் தெரியாது.

‘யார் யார் இணைப்பைச் சொடுக்கினார்கள்’ என்று எண்ணித் தருவது அத்தகைய சேவைகள் பெருமையாகக் காட்டும் வசதி. பெரும்பாலும் நாம் கேட்காமலேயே அது இயக்கத்தில் இருக்கும். மடல் புறப்படும் கணத்தில், அதிலுள்ள ஒவ்வொரு இணைப்பையும் சேவை பிடுங்கிவிட்டு, தன் சர்வரின் முகவரியை அங்கே நடுகிறது. அந்த முகவரியின் கடைசியில் இருக்கும் பொருளற்ற எழுத்துக் கோவை ஒவ்வொரு பெறுநருக்கும் வேறுபடும். அதாவது 640 பேருக்கும் 640 தனி இணைப்புகள். பெறுநர் அதைச் சொடுக்கினால் உலாவி முதலில் சேவையின் சர்வருக்குப் போகிறது. அங்கே இன்ன முகவரிக்காரர், இன்ன நேரத்தில், இன்ன வகைக் கருவியிலிருந்து வந்தார் என்று பதிவாகிறது. அதன் பிறகே எங்கள் பள்ளியின் பக்கத்துக்குத் திருப்பிவிடப்படுகிறார். கண் இமைக்கும் நேரத்தில் இது முடிந்துவிடுவதால், இடையில் ஒரு வாசலைக் கடந்தோம் என்பதே அவருக்குத் தெரிவதில்லை.

எங்கள் மடலில் இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. இணைப்புக்கு மேலே நான் ‘நன்கொடைப் பக்கம்’ என்று சொற்களால் எழுதியிருந்தால் அந்த முரண் கண்ணில் பட்டிருக்காது. முழு முகவரியையே எழுத்தாகத் தட்டியிருந்தேன். தெரிவது ஒரு முகவரி, போவது வேறொரு முகவரி. வங்கியின் பெயரைக் காட்டி வேறெங்கோ அழைத்துச் செல்லும் மோசடி மடல்களின் அமைப்பும் அட்சரம் பிசகாமல் இதுவே. தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் செயலிகள், எழுத்தில் தெரியும் முகவரியும் உள்ளே இருக்கும் முகவரியும் பொருந்தவில்லையென்றால் ‘இது மோசடியாக இருக்கலாம்’ என்று பல காலமாகவே எச்சரித்து வருகின்றன. மோசடிக்காரர்களின் கையெழுத்தை நானே என் மடலில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பெரியவரின் ஐயம் புரிந்துவிட்டது. ஆனால் மடல் ஏன் ஸ்பேமுக்குப் போயிற்று? அதுதான் என்னைக் குழப்பியது. மடலை அனுப்பும் முன் விதிமுறைகளையெல்லாம் நிறைவேற்றியிருந்தேன். ஒரு மடல் உண்மையிலேயே அந்த டொமைனின் அனுமதியோடு வருகிறதா என்று சோதிக்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என மூன்று ஏற்பாடுகள் உள்ளன. பெரியவரிடம் மடலின் மூல வடிவத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். மேற்பகுதியில் இந்த வரி இருந்தது:

```
Authentication-Results: ... spf=pass ... dkim=pass ... dmarc=pass
```

மூன்றிலும் தேர்ச்சி. அப்படியும் மடல் குப்பையில் கிடந்தது. பிறகுதான் புரிந்தது, இம்மூன்றும் அனுப்புநர் யார் என்பதை மட்டுமே சரிபார்க்கின்றன. மடலுக்குள் இருக்கும் இணைப்புகள் எங்கே போகின்றன என்பது அவற்றின் வேலையல்ல. டிகிம் முத்திரை மடலின் உள்ளடக்கத்தையும் சேர்த்தே காக்கிறது என்றாலும், சேவை முதலில் இணைப்புகளை மாற்றிவிட்டுப் பிறகுதான் முத்திரையைக் குத்துகிறது. மாற்றப்பட்ட மடலுக்கே முத்திரை என்பதால் அது பழுதின்றித் தேறிவிடுகிறது.

இணைப்புகளைப் பார்ப்பது வேறொரு காவல். மடல் வந்து சேரும் இடத்தில் உள்ள வடிகட்டி, அதன் உடலில் காணும் டொமைன் பெயர்களைத் தனித்தனியே எடுத்து, அவற்றின் நடத்தை எப்படி என்று விசாரிக்கிறது. அதற்கென்றே பொதுவில் பட்டியல்கள் உள்ளன. ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் டிபிஎல், சர்பிள், யூரிபிள் ஆகியவை அவற்றுள் நெடுங்காலமாக இயங்குபவை. கூகுள் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்களிடம் குவியும் மடல்களைக் கொண்டு தாங்களே மதிப்பீடு செய்துகொள்கின்றன. எங்கள் மடலின் உடலில் அந்தக் காவலுக்குத் தெரிந்த பெயர் பள்ளியின் பெயரன்று, சேவையின் பெயர்.

அந்தப் பெயரை நாங்கள் மட்டும் பயன்படுத்தவில்லை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. சிறிய கணக்கு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோருக்குச் சேவை ஒரே டொமைனைப் பங்கிட்டுத் தருகிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓர் அறையில் இருப்பவர் ஏதாவது வில்லங்கம் செய்துவிட்டால், அந்தக் கதவிலக்கத்தைச் சொல்லும் அத்தனை பேரையும் கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். அதே கண்காணிப்பு டொமைன் வழியாக ஒருவர் போலிக் கடன் மடலோ, சூதாட்ட விளம்பரமோ அனுப்பி, பெற்றவர்கள் ‘இது ஸ்பேம்’ என்று புகாரளித்திருந்தால், அந்தக் கறையில் ஒரு பங்கு எங்கள் நூலகக் கூரைக்கும் வந்து சேரும். பெரியவரின் ஜிமெயில், மடலின் தலையில் காட்டிய காரணமும் ஏறத்தாழ அதுவே: முன்பு ஸ்பேம் என அடையாளம் காணப்பட்ட மடல்களை இது ஒத்திருக்கிறது.

இருந்தாலும் ஊகத்தை உண்மையாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பட்டியல் பழையது, பல ஆண்டுகளாக மடலே போகாத முகவரிகள் அதில் இருந்தன. தலைப்பில் ‘நன்கொடை’ என்ற சொல் வேறு. குற்றம் எதிலும் இருக்கலாம். ஆகவே செயற்குழுவினரின் எட்டு முகவரிகளை எடுத்துக்கொண்டு ஒரு சிறு சோதனை செய்தேன். ஒரே மடல், ஒரே தலைப்பு, ஒரே அனுப்புநர். மாற்றியது இணைப்பை மட்டும். கண்காணிப்பு இணைப்போடு போன மடல் எட்டில் ஐந்து இடங்களில் ஸ்பேமில் விழுந்தது. இணைப்பே இல்லாமல் அனுப்பியது எட்டு இடங்களிலும் முதன்மைப் பகுதிக்கு வந்தது. கண்காணிப்பை அணைத்துவிட்டு, பள்ளியின் முகவரியை அப்படியே வைத்தபோது ஓரிடத்தில் மட்டும் ஸ்பேமுக்குப் போனது. எட்டு முகவரி என்பது மிகச் சிறிய எண்ணிக்கை; ஒருவரது பெட்டி அவர் முன்பு செய்ததையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு நடக்கும் என்பதால் இத்தகைய சோதனையை அறுதியான சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்த்ததால், எதைத் திருத்த வேண்டும் என்று முடிவெடுக்க அது போதுமானதாக இருந்தது.

செயற்குழுவில் இதை எடுத்துச் சொன்னபோது ஓர் இளைய உறுப்பினர் எளிய யோசனை ஒன்றை முன்வைத்தார். “இணைப்பு நீளமாகவும் புரியாமலும் இருப்பதுதானே பிரச்சினை? சுருக்கிவிடலாமே!” நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இணைப்புச் சுருக்கிகள் நோயை ஆற்றுவதில்லை, முற்றச் செய்கின்றன. அவையும் நடுவில் நிற்கும் அந்நிய வாசல்களே. கண்காணிப்பு இயக்கத்தில் இருக்கும்போது சுருக்கிய இணைப்பை மடலில் வைத்தால், பெறுநர் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வாசல்களைக் கடக்கிறார். அதோடு, இலவசச் சுருக்கியில் யார் வேண்டுமானாலும் நொடியில் ஓர் இணைப்பை உருவாக்கலாம் என்பதால் மோசடிக்காரர்களுக்கு அது உகந்த ஒளிவிடம். ஸ்பாம்ஹவுஸ் பட்டியலில், முறைகேடாகப் பயன்படுத்தப்படும் இத்தகைய திருப்பிவிடும் டொமைன்களுக்கென்றே தனியொரு வகைக் குறியீடு இருக்கிறது. தொழில் நேர்மையானது, ஆனால் வாசல் கெட்டுப்போயிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

வடிகட்டிகளை விடுவோம், மனிதர்களைப் பார்ப்போம். ‘உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, இந்த இணைப்பில் புதுப்பிக்கவும்’ என்று அஞ்சல் துறையின் பெயரில் வந்த குறுஞ்செய்தியை அறியாத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. அது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அறிவிக்க வேண்டியதாயிற்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், முன்கூட்டிப் பதிவு செய்யப்படாத இணைப்புகள் கொண்ட வணிகக் குறுஞ்செய்திகளை 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ரிசர்வ் வங்கி ஒரு படி மேலே போய், வங்கிகள் எல்லாம் தங்கள் இணைய முகவரிகளை 2025 அக்டோபர் 31-க்குள் ‘bank.in’ என்று முடியும் பெயர்களுக்கு மாற்ற வேண்டும் என்றது. முகவரியின் கடைசியைப் பார், அங்கேதான் உண்மை இருக்கிறது என்று மக்களுக்கு இத்தனை பேர் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கடைசியை மறைத்து ஒரு மடல் அனுப்புவது எவ்வளவு முரணானது! பெரியவர் தான் கற்ற பாடத்தைச் சரியாகச் செய்திருக்கிறார். பாடத்தில் தவறியவன் நான்.

சுருக்கிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வாசல் என்றைக்கும் திறந்திருக்கும் என்பதற்கு நம் கையில் உத்தரவாதம் ஏதும் இல்லை. கூகுளின் goo.gl 2009-இல் தொடங்கியது. 2019-இல் புதிய இணைப்புகள் தருவதை நிறுத்தியது. 2025 ஆகஸ்ட் 25-இல் பழையவையும் செயலிழக்கும் என்று அறிவிக்கப்பட்டது. பிறகு எதிர்ப்புகளைக் கேட்டு, நெடுநாளாக எவரும் பயன்படுத்தாதவை மட்டும் நீக்கப்படும் என்று மாற்றிக்கொண்டார்கள். பலரும் விரும்பும் ‘.ly’ என்ற முடிவு லிபியா நாட்டுக்குரியது. அங்கே 2010-இல் vb.ly என்ற சுருக்கியின் பெயரே பறிக்கப்பட்டது. பள்ளிக்கூட மடலுக்கு இவ்வளவு தூரம் யோசிக்க வேண்டுமா என்று கேட்கலாம். எங்கள் நூலகத்தின் முந்தைய நன்கொடைச் சுவரொட்டி இன்னும் தலைமையாசிரியர் அறை வாசலில் ஒட்டியிருக்கிறது. அதில் அச்சிட்ட சுருக்கிய இணைப்பு எங்கும் போவதில்லை.

சரி, இவ்வளவு இழப்பை ஏற்று நாங்கள் பெற்றதென்ன? யார் சொடுக்கினார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கின் கதையைச் சொன்னால்தான் இது முழுமையாகும்.

மடல் போன மறுநாள் எங்கள் பொருளாளர் அறிக்கையைப் பார்த்து மகிழ்ந்துபோனார். 118 பேர் இணைப்பைச் சொடுக்கியதாக அது சொன்னது. ஒரு வாரம் கழித்து 23 பேர் மட்டுமே பணம் அனுப்பியிருந்தபோது, மீதிப் பேர் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் தயங்கி விலகியதாக அவர் எடுத்துக்கொண்டார். அவர்கள் பெயர்ப் பட்டியலும் அறிக்கையில் இருந்தது. “இவர்களை ஒருமுறை தொலைபேசியில் அழைத்து நினைவூட்டலாம்” என்று தொடங்கி, நான்கைந்து பேரை அழைத்தும் விட்டார். மூன்றாவதாக அழைத்தவர் ஒரு தனியார் நிறுவனத்தின் பொறியாளர். “நான் அந்த மடலையே பார்க்கவில்லையே, நான் திறந்தேன் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். பொருளாளரிடம் பதில் இல்லை.

அறிக்கையை அதன்பின் நேரத்தோடு வைத்துப் பார்த்தேன். 118 சொடுக்குகளில் 70-க்கும் மேற்பட்டவை மடல் சேர்ந்த முதல் ஒரு நிமிடத்துக்குள் நிகழ்ந்திருந்தன. அவற்றில் பல, மடலில் இருந்த எல்லா இணைப்புகளையும் ஒரே நொடியில் தொட்டிருந்தன. நன்கொடைப் பக்கம், பள்ளியின் முகப்பு, ‘இனி எனக்கு மடல் வேண்டாம்’ என்ற இணைப்பு உட்பட. எந்த மனிதரும் அப்படிச் சொடுக்குவதில்லை. அலுவலக மின்னஞ்சல்களுக்கு முன்னால் நிற்கும் பாதுகாப்பு மென்பொருள்கள், உள்ளே தீங்கு உண்டா என்று அறிய, ஊழியர் பார்ப்பதற்கு முன்பே இணைப்புகளைத் தாங்களே திறந்து பார்க்கின்றன. அந்த இயந்திரத்தின் வருகையைச் சேவை மனிதரின் வருகையாக எண்ணிவிட்டது. சில சேவைகள் இவற்றைக் கழித்துக் காட்ட முயல்கின்றன என்பது உண்மை. ஆனால் பாதுகாப்பு மென்பொருள்கள் மனிதரின் உலாவியைப் போலவே வேடமிட்டு வருவதால் முழுமையாகக் கழிக்க முடிவதில்லை. தங்கள் அறிக்கையைச் சோதிக்க விரும்புவோர், மொத்த எண்ணைப் பார்க்காமல் முதல் நிமிடத்தைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். ‘மடல் வேண்டாம்’ என்ற இணைப்பையும் நன்கொடை இணைப்பையும் ஒருசேரத் தொட்டவர் யார் என்று தேடினால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

எண் பொய் என்பதைவிட, பொருளாளர் செய்த அந்த அழைப்புகள்தாம் என்னை அதிகம் உறுத்தின. பட்டியலில் ஒருவர் இருந்தார். என் வகுப்புத் தோழர். இரண்டு ஆண்டுகளாக நிலையான வேலையில்லை. அவர் உண்மையாகவே பக்கத்தைத் திறந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, இப்போது முடியாது என்று மூடியிருக்கலாம். அது அவருக்கும் அவர் மனத்துக்கும் இடையே நடந்தது. அதை ஒரு வரிசையில் பதிந்து, ‘சொடுக்கினார், தரவில்லை’ என்று எங்கள் மேசைமேல் வைக்க எங்களுக்கு என்ன உரிமை? அவரையும் பொருளாளர் அழைத்துவிட்டாரா என்று கேட்டேன். நல்லவேளையாக, வரிசை அவர் பெயர்வரை போகவில்லை.

சேவையின் அமைப்புகளில் சொடுக்குகளைக் கண்காணிக்கும் வசதியை அணைக்கும் பெட்டி, தேடிப் போனால் கிடைக்கும் இடத்தில்தான் இருந்தது. அதை அணைத்தேன். கண்காணிப்பு கட்டாயம் வேண்டும் என்போருக்கு ஓர் இடைவழி உண்டு. சேவையின் பொது டொமைனுக்குப் பதிலாகத் தங்கள் டொமைனின் கிளைப்பெயர் ஒன்றை, உதாரணமாக links.example.org என்பதை, சேவையை நோக்கிச் சுட்டும்படி அமைத்துக்கொள்ளலாம். அப்போது இணைப்பில் தெரிவது உங்கள் பெயர். அடுத்த அறைக்காரரின் கறை உங்கள் இணைப்பில் நேரடியாக ஒட்டாது. ஆனால் அந்தக் கிளைப்பெயருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் சரியாக அமையாவிட்டால், சொடுக்குபவருக்கு உலாவி அச்சமூட்டும் எச்சரிக்கை காட்டும். அது இருப்பதையும் கெடுத்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு என்ற நிலையும் மாறுவதில்லை. பொய்ச் சொடுக்குகளும் குறைவதில்லை. ஒரு பள்ளி நூலகத்துக்கு அது தேவையில்லை என்று முடிவு செய்தோம்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும். யார் வந்தார்கள் என்பது வேண்டாம். அதற்கு எங்கள் சர்வரே போதும். அச்சிலும் வாயாலும் சொல்லக்கூடிய குறுகிய முகவரி ஒன்றை எங்கள் டொமைனிலேயே அமைத்து, அது நன்கொடைப் பக்கத்துக்குப் போகும்படி என்ஜின்எக்ஸ் சர்வரில் மூன்று வரி எழுதினேன்:

```
location = /noolagam {
    return 302 https://example.org/nankodai/?utm_source=madal&utm_medium=email;
}
```

இதில் 302 என்பது ‘தற்காலிகமாக அங்கே போ’ என்ற குறிப்பு. 301 என்று எழுதினால் ‘நிரந்தரமாக’ என்று பொருள். உலாவிகள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு, பின்னால் நாம் இடத்தை மாற்றினாலும் பழைய இடத்துக்கே போகக்கூடும். கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளவை, இந்த வருகை மடல் வழியாக வந்தது என்று எங்கள் தளத்தின் கணக்குக்குச் சொல்லும் அடையாளங்கள். அவை எல்லோருக்கும் ஒன்றே என்பதால் எவரையும் தனியாகக் காட்டிக்கொடுப்பதில்லை. இந்தக் கணக்கிலும் இயந்திரங்களின் வருகை கலந்திருக்கும். உண்மையான கணக்கு வங்கியில் வந்து சேரும் பணம்தான். அதனால் நன்கொடைப் படிவத்தில் ‘எங்கே அறிந்தீர்கள்?’ என்று ஒரு கேள்வியை மட்டும் சேர்த்தோம். விருப்பமிருந்தால் நிரப்பலாம்.

புரட்டாசியில் இரண்டாவது மடல் போனது. திரும்பி வந்த பழைய முகவரிகளை நீக்கியிருந்தோம். ஒரே நாளில் அனுப்பாமல் நாளுக்கு நூறாகப் பிரித்தோம். மடலில் ஒரே ஓர் இணைப்பு. அதன் கீழே, ‘இது பள்ளியின் தளத்துக்கு மட்டுமே போகும், ஐயமிருந்தால் செயலாளரை அழைத்துக் கேளுங்கள்’ என்று எழுதி, அழைக்க வேண்டிய எண்ணையும் தந்தோம். மூன்று வாரத்தில் 61 பேர் பணம் அனுப்பினார்கள். இந்த வேறுபாடு முழுவதையும் இணைப்பின் கணக்கில் எழுதிவிட மாட்டேன். பட்டியலைத் துப்புரவு செய்ததற்கும், நடுவே பெய்த மழைக்கும், பிளாஸ்டிக் விரிப்பு மூடிய புத்தகங்களின் படம் குழுக்களில் சுற்றியதற்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஸ்பேமில் கிடந்ததாகச் சொன்னவர்கள் இம்முறை இருவர் மட்டுமே.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது, வாட்ஸ்அப் குழுவில் போட்ட எச்சரிக்கையைத் திரும்பப் பெறச் செய்வதுதான். பெரியவர் போட்ட செய்தி அவர் குழுவிலிருந்து மற்ற ஆண்டுகளின் குழுக்களுக்கும் பரவியிருந்தது. பள்ளியின் பெயரில் மோசடி நடக்கிறது என்ற பேச்சு, மோசடி இல்லை என்ற விளக்கத்தைவிட வேகமாகப் போகும். சங்கத்தின் பெயரில் நாங்கள் எழுதிய விளக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மோசடிக்காரனும் அப்படித்தானே எழுதுவான்! கடைசியில் அவரையே நாட வேண்டியிருந்தது. இரண்டாவது மடலை முதலில் அவருக்கு மட்டும் அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அன்று மாலை அழைத்தார். கணினியின் முன்னால் உட்கார்ந்தபடியே பேசினார் என்பது விசைப்பலகையின் ஓசையில் தெரிந்தது. “இப்ப சரியா இருக்கு தம்பி. மேல என்ன எழுதியிருக்கோ, கீழயும் அதான் தெரியுது. குழுவுல போட்டுடறேன்” என்றவர், வைக்கப்போகும் முன் நிறுத்திக் கேட்டார்: “உள்ள போனதுக்கு அப்புறம், மேல முகவரியில ஒரு கேள்விக்குறி போட்டு நீளமா ஏதோ வருதே, அது என்ன?”

மடல் வழியாக வந்தவர்களை எண்ணுவதற்கான அடையாளம், அதில் யாருடைய பெயரும் இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “அது இல்லாம எண்ண முடியாதா?” என்றார்.

முடியும். /noolagam என்ற முகவரியை மடலைத் தவிர வேறெங்கும் நாங்கள் தரவில்லை. அதற்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது சர்வரின் பதிவேட்டிலேயே இருக்கிறது. மற்றவர்களுக்கு மடல் போகுமுன் அந்த வாலை வெட்டிவிட்டேன்.